தசைக்கு வாங்கிய கிரியாட்டின் எலும்புக்கும் ஆகுமா? எடைப் பயிற்சியோடு சேர்த்து ஆண்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்வது

தசை வலுவுக்காகப் பொடியாக எடுத்துக்கொள்ளும் கிரியாட்டின் பற்றித் தேடினால் நேரெதிரான இரண்டு கூற்றுகள் கண்ணில் படும். எடை தூக்குவதோடு கிரியாட்டினும் எடுத்துக்கொண்டால் வயதான ஆண்களுக்கு எலும்பு கூடுகிறது என்பது ஒன்று. எலும்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பின்னால் முறையாக நடந்த ஆய்வு இருக்கிறது. முதல் கூற்று 2005-இல் வெளியான 12 வார ஆய்விலிருந்து வந்தது; இரண்டாவது 2021-இல் வெளியான 12 மாத ஆய்விலிருந்து வந்தது. இரண்டையும் நடத்தியவர்கள் ஏறக்குறைய ஒரே கனடா ஆய்வுக் குழுவினர் என்பதுதான் இதில் வேடிக்கை.

அதனால் ஒரு தரப்பு பொய் சொல்கிறது என்று முடித்துவிட முடியாது. எதை அளந்தார்கள், எத்தனை நாள் கழித்து அளந்தார்கள், எத்தனை பேரிடம் அளந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

## எலும்பு மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும்

எலும்பு பார்ப்பதற்குக் கல் போல இருந்தாலும் உள்ளே ஓயாமல் பழுதுபார்ப்பு நடந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. அந்தக் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. எளிமைக்காக இவற்றை அரிக்கும் செல்கள், கட்டும் செல்கள் என்றே இனி சொல்லலாம். இளமையில் இரண்டும் ஏறக்குறைய சமமாக ஓடும். நடுவயதுக்குப் பிறகு அரிப்பது சற்று முந்திக்கொள்ளும். ஆண்களுக்கு இது பெண்களைப் போல ஒரு கட்டத்தில் திடீரென்று வேகமெடுப்பதில்லை. மெதுவாக, ஆண்டுக்கு ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ கரைவதால், பலருக்கு எலும்பு முறிந்த பிறகுதான் தெரியவருகிறது.

நமக்கு இங்கே முக்கியம் காலக் கணக்கு. ஓரிடத்தில் அரிப்பு தொடங்கிச் சில வாரங்களில் முடியும். அந்தக் குழியை நிரப்ப மேலும் மூன்று நான்கு மாதங்கள் ஆகும். நிரப்பியது முதலில் மென்மையான சட்டகம்தான். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் முழுமையாகப் படிந்து இறுக இன்னும் பல மாதங்கள் பிடிக்கும். ஆக, 12 வாரத்தில் முடிந்த ஓர் ஆய்வு, எலும்பின் ஒரு சுற்று வேலை முடிவதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்ட ஆய்வு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

## கிரியாட்டின் எந்த வழியில் எலும்பைத் தொடலாம்

கிரியாட்டின் என்பது உடலே கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தயாரிக்கும் பொருள். இறைச்சி, மீன் வழியாகவும் வருகிறது. உடலில் உள்ளதில் சுமார் 95 விழுக்காடு தசைகளில்தான் இருக்கிறது. அங்கே அது பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு காத்திருக்கும். தசை திடீரென்று வேகமாகச் சுருங்கும்போது செலவழிந்த ஆற்றலை நொடிகளில் ஈடுகட்டும். பொடியாக எடுத்துக்கொண்டால் தசையில் இந்தச் சேமிப்பு கூடுகிறது. அதனால் கனமான எடையை ஓரிரு முறை கூடுதலாகத் தூக்க முடிகிறது. இதில் பெரிய சர்ச்சை எதுவும் இல்லை.

எலும்பு வரை அதன் பயன் செல்ல இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன.

1. தசை வழியாக. எலும்பு தன்மேல் விழும் விசைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். அதிகம் இழுக்கப்படும் இடத்தில் கட்டும் வேலை கூடும். கிரியாட்டினால் ஒருவர் கூடுதல் எடை தூக்கினால், தசை எலும்பை இன்னும் வலுவாக இழுக்கும், எலும்பும் கெட்டிப்படும் என்பது எதிர்பார்ப்பு.

2. நேரடியாக எலும்புச் செல்கள் வழியாக. கட்டும் செல்களும் ஆற்றலுக்குக் கிரியாட்டினைப் பயன்படுத்துகின்றன. ஆய்வகத் தட்டில் வளர்த்த கட்டும் செல்களுக்குக் கிரியாட்டின் சேர்த்தபோது அவை கூடுதல் சுறுசுறுப்பாகத் தாதுவைப் படியவைத்ததை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இந்த இரண்டாவது வழியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கிரியாட்டினோடு சேர்ந்து வேலை செய்யும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி அரிக்கும் செல்களிலும் இருக்கிறது. எலும்பைக் கரைக்க அமிலம் சுரக்கவேண்டும், அதற்கு ஆற்றல் வேண்டும். இந்த நொதி இல்லாத எலிகளில் எலும்பு அரிப்பு குறைந்ததை 2008-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு சொன்னது. அதாவது கட்டுபவருக்கும் இடிப்பவருக்கும் ஒரே கடையில்தான் கூலி. தட்டில் வளர்ந்த கட்டும் செல்களை மட்டும் பார்த்து மனித எலும்புக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. மனிதர்களிடம்தான் பார்க்கவேண்டும்.

## 2005: நம்பிக்கை தந்த 12 வாரங்கள்

இந்த ஆய்வில் சராசரியாக 71 வயதுள்ள 29 ஆண்கள் இருந்தார்கள். 16 பேருக்குக் கிரியாட்டின், 13 பேருக்குப் போலிப் பொடி. எல்லோரும் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். முதல் ஐந்து நாள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.3 கிராம், பிறகு 0.07 கிராம் என்பது அளவு. 80 கிலோ ஆணுக்கு இது முதலில் நாளொன்றுக்கு 24 கிராம், பிறகு சுமார் 5.6 கிராம்.

அளந்தது டெக்ஸா ஸ்கேன் மூலம். இரண்டு வெவ்வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களை உடல் வழியே அனுப்பி, எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதிலிருந்து எலும்பில் எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று கணக்கிடும் கருவி அது. கிடைத்த முடிவு: கைகளின் எலும்புத் தாது கிரியாட்டின் குழுவில் 3.2 விழுக்காடு கூடியது, போலிப் பொடிக் குழுவில் 1.0 விழுக்காடு குறைந்தது.

செய்தியாக உலவுவது இந்த வரிதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. முழு உடலின் எலும்பு அடர்த்தியும் கால்களின் எலும்பு அடர்த்தியும் இரு குழுக்களிலுமே சிறிது கூடின. முழு உடலுக்குச் சுமார் அரை விழுக்காடு, கால்களுக்குச் சுமார் ஒரு விழுக்காடு. அதாவது அங்கே வேலை செய்தது பயிற்சி. கிரியாட்டின் தனியாக எதையும் சேர்த்ததாகத் தெரியவில்லை.

கைகளில் மட்டும் ஏன் வித்தியாசம்? ஒரு நியாயமான விளக்கம் இருக்கிறது. கால் எலும்பு வாழ்நாள் முழுவதும் உடலைச் சுமந்து பழகியது, புதிதாகக் கிடைக்கும் சுமை அதற்குப் பெரிதாகப் படாது. கை எலும்புக்கு எடை தூக்குவது புதுச் செய்தி. கைத் தாது கூடிய அளவும் தசை கூடிய அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதும் இந்த விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது.

இருந்தாலும் தயங்க மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மேலே சொன்ன காலக் கணக்கு. 12 வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே நாலு விழுக்காடு இடைவெளி என்பது எலும்பின் வழக்கமான வேகத்துக்கு மிகவும் அதிகம். இரண்டாவது, உடலின் பல பகுதிகளை அளந்தால் ஏதோ ஒன்றில் தற்செயலாக வித்தியாசம் தெரிவதற்கு வாய்ப்பு கூடும், அதுவும் 29 பேரில். மூன்றாவது, கை முறிவு முதுமையில் பெரிய ஆபத்து அல்ல. உயிருக்கு உலை வைப்பது இடுப்பு முறிவு, அதாவது தொடை எலும்பின் மேல்பகுதி உடைவது. அந்த இடத்தைப் பற்றி இந்த ஆய்வு நல்ல செய்தி எதுவும் சொல்லவில்லை.

## 2008: சிறுநீரில் தெரிந்த குறி, அதில் மறைந்துள்ள பொறி

அடுத்த ஆய்வு வேறு வழியில் போனது. 59 முதல் 77 வயது வரையிலான 35 ஆண்கள் 10 வாரம், வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி நாட்களில் மட்டும் கிலோவுக்கு 0.1 கிராம் கிரியாட்டின். சிலருக்கு அதோடு புரதமும். இந்த முறை எலும்பை நேரடியாக அளக்காமல், சிறுநீரில் என்.டி.எக்ஸ் என்ற துணுக்கை அளந்தார்கள். எலும்பு அரிக்கப்படும்போது அதிலுள்ள கொலாஜன் உடைந்து வெளியேறும் துண்டு அது. அரிப்பு கூடினால் அதுவும் கூடும். கிரியாட்டின் எடுத்தவர்களிடம் அது 27 விழுக்காடு குறைந்தது. போலிப் பொடிக் குழுவில் 13 விழுக்காடு கூடியது.

படித்தவுடன் எலும்பு அரிப்பைக் கிரியாட்டின் தடுக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் கிரியாட்டின் விஷயத்தில் இந்த வகை அளவீட்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. கட்டுரைகளில் இதை யாரும் அதிகம் விளக்குவதில்லை என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

சிறுநீர் சில நேரம் நீர்த்திருக்கும், சில நேரம் அடர்ந்திருக்கும். அதனால் அதிலுள்ள எந்தப் பொருளையும் தனியாக அளந்தால் பயனில்லை. வழக்கமாக, அதே சிறுநீரில் உள்ள கிரியாட்டினைன் என்ற கழிவுப் பொருளால் வகுத்து ஒரு விகிதமாகச் சொல்வார்கள். ஒருவரிடமிருந்து கிரியாட்டினைன் வெளியேறும் அளவு ஏறக்குறைய நிலையாக இருக்கும் என்பதுதான் அதற்கு அடிப்படை. பெயரிலேயே சிக்கல் தெரிகிறது: கிரியாட்டின் சிதைந்தால் வருவதுதான் கிரியாட்டினைன். பொடியை எடுத்துக்கொள்பவரிடம் வகுக்கும் எண்ணே பெரிதாகிவிடும்.

ஒரு சிறு கணக்கு. என்.டி.எக்ஸ் 50, கிரியாட்டினைன் 10 என்றால் விகிதம் 5. பொடி எடுத்த பிறகு என்.டி.எக்ஸ் அதே 50 இருக்க, கிரியாட்டினைன் மட்டும் 12 ஆகிறது என்று கொள்வோம். விகிதம் சுமார் 4.2 ஆகிவிடும். எலும்பில் ஓர் அணுகூட மாறாமல் அரிப்பு 17 விழுக்காடு குறைந்தது போன்ற தோற்றம் கிடைக்கும். ஆகவே கிரியாட்டினால் எலும்பு அரிப்பு குறைந்தது என்று எந்தச் சிறுநீர் முடிவைப் படித்தாலும், எதால் வகுத்தார்கள், கிரியாட்டினைன் ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். இரத்தத்தில் அளக்கும் குறிகளுக்கு இப்படி வகுக்கவேண்டிய தேவை இல்லை.

## 2021: ஓராண்டு பார்த்தபோது

இனி நீண்ட ஆய்வு. 49 முதல் 69 வயது வரையிலான ஆண்கள். கிரியாட்டின் குழுவில் 18 பேர், போலிப் பொடிக் குழுவில் 20 பேர். யாருக்கு எது என்பது எடுத்தவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. கிலோவுக்கு 0.1 கிராம், 12 மாதம், வாரம் மூன்று நாள் கண்காணிப்போடு முழு உடல் எடைப் பயிற்சி.

முடிவு: எலும்பு அடர்த்தியில் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. தசையிலும் வலிமையிலும்கூட இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு சாய்வு தெரிந்தது. தொடை எலும்பின் கழுத்தில் மிகக் குறுகலான பகுதியின் வளைவுத் தாங்குதிறன் கிரியாட்டின் குழுவில் சற்று மேலாக இருந்தது. அதற்கான நிகழ்தகவு மதிப்பு 0.061. கிரியாட்டினுக்கு உண்மையில் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தற்செயலாகவே இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வர நூற்றுக்கு ஆறு வாய்ப்பு உண்டு என்பது இதன் பொருள். வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் எல்லை நூற்றுக்கு ஐந்து. நூலிழையில் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் பல இடங்களை அளந்ததில் ஒன்றுக்குத்தான் இப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அப்படியானால் பயனில்லை என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதா? அப்படியும் இல்லை. ஓர் ஆய்வால் எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பது எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஓராண்டில் ஆளுக்கு ஆள் இடுப்பு அடர்த்தி மாறும் அளவின் சிதறல் 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு வழக்கமான புள்ளியியல் வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

1. குழுவுக்கு 19 பேர் இருந்தால், வித்தியாசம் சுமார் 2.7 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஆய்வு அதைப் பெரும்பாலும் பிடிக்கும்.
2. ஒரு விழுக்காடு வித்தியாசத்தை அதே உறுதியோடு பிடிக்க, குழுவுக்குச் சுமார் 140 பேர் வேண்டும்.

இதற்கு என்ன அர்த்தம்? கிரியாட்டின் ஆண்களின் இடுப்பு எலும்பில் பெரிய மாற்றம் செய்திருந்தால் 2021 ஆய்வில் அது தெரிந்திருக்கும். 2005-இல் கைகளில் தெரிந்தது போன்ற நாலு விழுக்காடு இடைவெளி தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. ஒரு விழுக்காடு அளவுக்குச் சிறிய பயன் இருந்தால் அது இந்த வலையின் கண்களுக்குள் நழுவிப் போயிருக்கும். ஓராண்டில் ஒரு விழுக்காடு என்பது அற்பமும் அல்ல. அந்த வயதில் ஓர் ஆண் ஓராண்டில் இழப்பதே அவ்வளவுதான்.

இதற்கு முன்பே, 2018-இல், ஆண்கள் பெண்கள் என்று மொத்தம் 193 முதியவர்கள் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டபோதும் பயிற்சிக்கு மேல் கிரியாட்டின் எலும்பு அடர்த்தியைக் கூட்டவில்லை என்றே வந்தது.

## அடர்த்தி வேறு, உறுதி வேறு

வளைவுத் தாங்குதிறன் என்ற அந்த ஒரு சாய்வை ஆய்வாளர்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது.

தொடை எலும்பின் கழுத்தைக் குழாய் போன்றது என்று கொள்வோம். குழாயை வளைத்து உடைப்பது எவ்வளவு கடினம் என்பது அதில் எத்தனை பொருள் இருக்கிறது என்பதோடு முடிவதில்லை. அந்தப் பொருள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேரும். ஒரே அளவு இரும்பில் செய்த ஒல்லியான கம்பியைவிட அகலமான குழாய் வளையாமல் நிற்பது இதனால்தான்.

வெளி ஆரம் 10 மில்லிமீட்டர், உள் ஆரம் 8 மில்லிமீட்டர் உள்ள குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பின் அளவு மாறாமல், வெளிப்பக்கம் 0.2 மில்லிமீட்டர் மட்டும் விரிகிறது. உள்பக்கம் அதற்கேற்பக் கரைகிறது. கணக்குப் போட்டால் வளைவைத் தாங்கும் திறன் சுமார் 3 விழுக்காடு கூடுகிறது.

டெக்ஸா கருவி இதை எப்படிப் பார்க்கும்? அது எடுப்பது தட்டையான நிழல் படம். தாதுவின் எடையை நிழலின் பரப்பால் வகுத்து அடர்த்தி என்று சொல்கிறது. நம் குழாயில் தாது அதேதான், ஆனால் நிழல் 20 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 20.4 ஆகிவிட்டது. அதனால் அறிக்கையில் அடர்த்தி 2 விழுக்காடு *குறைந்ததாக* வரும். எலும்பு உறுதியாகியிருக்க, அறிக்கை தேய்ந்துவிட்டது என்று சொல்லும்!

இது கணக்குக்காகச் செய்த எளிமை. நிஜ எலும்பு சீரான குழாய் அல்ல. ஆனாலும் அடர்த்தி மாறவில்லை என்பதும் வடிவம் மாறியது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு இது போதும்.

ஆண்களிடம் இதை உறுதிசெய்யும் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லாததால், பெண்களிடம் நடந்ததை இங்கே எட்டிப்பார்ப்பது அவசியமாகிறது. மாதவிடாய் நின்ற 237 பெண்களிடம் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. கிலோவுக்கு 0.14 கிராம் கிரியாட்டின், எடைப் பயிற்சி, நடைப்பயிற்சி. தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தியில் வித்தியாசமே இல்லை. ஆனால் அதே குறுகலான பகுதியின் வளைவுத் தாங்குதிறன் கிரியாட்டின் குழுவில் மேலாக இருந்தது. 2021-இல் ஆண்களிடம் நூலிழையில் தவறிய அதே இடம், அதே அளவீடு. இரண்டு தனித்தனி ஆய்வுகளில் ஒரே இடத்தில் ஒரே திசையில் அடையாளம் தெரிவதைத் தற்செயல் என்று முழுவதும் ஒதுக்குவது கடினம்.

அதேசமயம், இந்த வடிவ அளவுகளும் அந்தத் தட்டையான டெக்ஸா படத்திலிருந்து ஊகித்துக் கணக்கிட்டவைதான். நோயாளி படுக்கையில் காலைச் சற்றுத் திருப்பி வைத்தாலே எண் மாறும். மாற்றத்தின் அளவும் சிறியது. எலும்பு முறிவு குறைந்தது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. அதைக் காட்ட ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடரவேண்டும்.

## எலும்புக்கு உண்மையில் வேலை செய்வது எது

மனிதர்களிடம் நடந்ததாக இதுவரை பார்த்த எல்லா ஆய்வுகளிலும் போலிப் பொடிக் குழுவும் எடை தூக்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. கிரியாட்டின் எதையும் சேர்க்கவில்லை என்றால் பயிற்சியும் வீண் என்று ஆகாது.

ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர்-எம் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எலும்பு அடர்த்தி குறைந்த, 45 வயதைத் தாண்டிய ஆண்கள் எட்டு மாதம், வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் எடை தூக்குதல், கம்பியில் தொங்கிக் கீழே குதித்து இறங்குதல். எடையோ விளையாட்டுக்கு அல்ல: ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல், ஐந்து ஐந்து முறையாக, பயிற்சியாளர் கண்முன்னால். கீழ் முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 4 விழுக்காடு கூடியது. கிரியாட்டின் எதுவும் இல்லாமல்.

இதற்கு நேர் எதிர்முனையில், எலும்பு அடர்த்தி குறைந்த 200 பெண்களுக்கு இரண்டு ஆண்டு நாளொன்றுக்கு 3 கிராம் கிரியாட்டின் மட்டும் கொடுத்து, பயிற்சி எதுவும் தராமல் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. எலும்பில் மாற்றமே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால், முன்பு சொன்ன இரண்டு வழிகளில் எது உண்மைக்கு அருகில் என்பது புலப்படும். பயன் என்று ஏதாவது இருந்தால் அது தசை வழியாகத்தான் வரவேண்டும். 2021 ஆய்வில் கிரியாட்டின் குழுவுக்குத் தசையிலும் வலிமையிலும்கூட முன்னேற்றம் கூடுதலாக இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். இழுக்கும் விசை கூடவில்லை என்றால் எலும்பு மட்டும் எதைக் கேட்டு மாறும்?

## இதை ஒருவர் தன் விஷயத்தில் எப்படிப் பொருத்திப் பார்ப்பது

60 வயது, 70 கிலோ எடை, சிறுநீரகத்தில் குறை இல்லாத ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். டெக்ஸா அறிக்கையில் இடுப்பு அடர்த்தி சற்றுக் குறைவு. ஏற்கெனவே எடை தூக்குகிறார். கிரியாட்டினும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறார்.

1. அளவு. ஆய்வுகளில் பயன்பட்ட கிலோவுக்கு 0.1 கிராம் என்பது இவருக்கு நாளொன்றுக்கு 7 கிராம். டப்பாக்களில் பொதுவாகச் சொல்லும் 3 முதல் 5 கிராம் தசைக்குப் போதுமானதுதான், ஆனால் எலும்பின் வடிவத்தில் தெரிந்த சிறு அடையாளங்கள் அந்த அளவில் வந்தவை அல்ல.

2. பலனை எப்போது அளப்பது. மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்பது பணத்துக்குக் கேடு. ஒருவரையே இரண்டு முறை படுக்கவைத்து எடுத்தாலும் டெக்ஸாவில் சுமார் ஒரு விழுக்காடு பிசகும். அதனால் இரு அறிக்கைகளுக்கு இடையே கிட்டத்தட்ட 2.8 விழுக்காடு வித்தியாசம் இருந்தால்தான் உண்மையான மாற்றம் என்று சொல்லமுடியும். எலும்பு அந்த அளவுக்கு மாற ஓராண்டாவது வேண்டும். அதே கருவியில் எடுப்பதும் முக்கியம். வேறு கருவிக்குப் போனால் ஒப்பீடே செல்லாது.

3. எடை கூடுவது. முதல் சில வாரங்களில் ஓரிரு கிலோ கூடலாம். அதில் பெரும்பங்கு தசைக்குள் சேரும் தண்ணீர். அதை எலும்போ தசையோ வளர்ந்ததாக எண்ணவேண்டாம்.

4. இரத்தப் பரிசோதனை. சிறுநீரில் போட்ட பொறியை கிரியாட்டினைன் இரத்தத்திலும் போடும். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதை ஆய்வகங்கள் இரத்தக் கிரியாட்டினைனை வைத்தே கணக்கிடுகின்றன. பொடி எடுப்பவருக்கு அது சற்றுக் கூடி, சிறுநீரகம் பழுதானது போல அறிக்கை வரலாம். இரத்தம் கொடுக்கும் முன் கிரியாட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற வேறொரு அளவை வைத்துச் சரிபார்க்க முடியும்; அது கிரியாட்டினால் மாறாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

5. மருந்துக்கு மாற்று அல்ல. அடர்த்தி சற்றுக் குறைவு என்பதும் எலும்புப்புரை என்று உறுதியானதும் வேறு வேறு. இரண்டாவது நிலையில் இருப்பவருக்கு, குறிப்பாக ஏற்கெனவே முறிவு கண்டவருக்கு, எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் முறிவையே குறைப்பதாகப் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஆண்களுக்கு எலும்பு தேய்வதன் பின்னால் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, மிகுதியான மது போன்ற காரணங்கள் பல நேரம் மறைந்திருக்கும். அவற்றைத் தேடாமல் பொடியைக் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தால் இழப்பது காலம்.

இவர் கிரியாட்டின் எடுத்தால் தசைக்கு ஓரளவு பயன் கிடைக்கலாம். எலும்பின் அடர்த்தி அதனால் கூடும் என்று எதிர்பார்க்க ஆய்வுகள் இடம் தரவில்லை. எலும்பின் வடிவத்தில் ஒரு சிறு லாபம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவர் வாரத்தில் இரண்டு நாள் தூக்கும் எடை போதிய கனமாக இருக்கிறதா என்பதுதான் பொடியைவிட முதலில் பார்க்கவேண்டியது. 20 முறை அலுங்காமல் தூக்கக்கூடிய எடை எலும்புக்கு எட்டுவது குறைவு.